கோடு ஏன் இறங்கவில்லை?

நான்கு பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்று இரண்டு வார வேலையைத் திட்டமிடுகிறது. இந்தக் காலத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். சனி, ஞாயிறு நீங்கலாகப் பத்து வேலை நாள். ஒவ்வொரு வேலைக்கும் அதன் கடினத்தைப் பொறுத்துப் பாயிண்ட் போட்டார்கள்; கூட்டினால் 40.

இந்த 40 நாளுக்கு நாள் எப்படிக் குறைகிறது என்று காட்டுவதுதான் பர்ன்டவுன் வரைபடம். கிடைமட்டத்தில் நாட்கள், செங்குத்தில் மீதமுள்ள பாயிண்ட். முதலில் இலக்குக் கோடு: தொடக்கத்தில் 40, பத்தாம் நாள் 0, இடையில் நாளுக்கு நான்காக இறங்கும் நேர்க்கோடு. எக்செல்லில் A2 முதல் நாள் எண்களை 0, 1, 2 என்று இட்டால், C2-இல் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=40-40/10*A2
```

B பத்தியில் தினமும் மாலை உண்மையான மீதத்தை எழுதவேண்டும். முழுதாக முடிந்த வேலையின் பாயிண்டை மட்டுமே கழிக்கலாம். பாதி முடிந்ததற்குப் பாதி பாயிண்ட் கிடையாது.

முதல் நாள் எதுவும் முடியவில்லை, மீதம் 40. இது வழக்கமானதுதான். அடுத்த மூன்று நாளில் 36, 32, 28 என்று இலக்குக் கோட்டுக்குச் சற்று மேலேயே இறங்கிவந்தது. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் 28-லேயே நின்றுவிட்டது.

படத்தில் இரண்டு நாளும் ஒரே தட்டைக் கோடுதான். காரணங்கள் வேறு. ஐந்தாம் நாள் 5 பாயிண்ட் வேலை முடிந்தது. ஆனால் அன்றே வாடிக்கையாளர் கேட்ட 5 பாயிண்ட் மாற்றம் ஒன்று சேர்ந்துகொண்டது. ஆறாம் நாள் புதிதாக எதுவும் சேரவில்லை. எழுதி முடித்த வேலைகள் எல்லாம் டெஸ்டிங்குக்காக ஒருவரிடமே காத்துக்கிடந்தன.

இதைப் பிரித்தறிய 'இன்று முடிந்தது', 'இன்று சேர்ந்தது அல்லது நீக்கியது' என்று இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும். அவை இல்லையென்றால் ஐந்தாம் நாள் உழைத்தவர்கள் மீது பழி விழும்; ஆறாம் நாளின் உண்மையான அடைப்பு கண்ணில் படாது.

காரணம் தெரிந்ததும் தீர்வும் பிரிந்தது. புது வேலை எடுக்காமல் டெவலப்பர்களும் டெஸ்டிங்கில் இறங்கினார்கள். சேர்ந்த 5-க்கு ஈடாக, அவசரமில்லாத 5 பாயிண்ட் வேலை ஒன்றை ப்ராடக்ட் ஓனர் ஒப்புதலோடு நீக்கினார்கள். ஏழாம் நாள் 3 பாயிண்டும் முடிந்ததால் மீதம் 20. பிறகு 13, 8, கடைசியில் 3.

பூஜ்யத்தைத் தொடவில்லை என்பதற்காக இலக்குக் கோட்டை நடுவில் திருத்தி வரையக்கூடாது. அது சராசரி வேகத்தைக் காட்டும் அளவுகோல் மட்டுமே. தினமும் அதன்மேலேயே நடக்க எந்தக் குழுவாலும் முடியாது. கோட்டுக்காக வேலையை அவசரமாக 'முடிந்தது' என்று குறித்தால், அது பிழையாகத் திரும்பி வரும். மிஞ்சிய 3 வேலைப் பட்டியலுக்குத் திரும்பட்டும். முடித்தது 37. அடுத்த ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு ஏற்கலாம் என்று பேச உட்காரும்போது, 40-ஐ விட இந்த 37-தான் நம்பகமான எண்.