இருபத்து நான்கு மீட்டர் வேலி
பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பிரிவு மாணவிகள்

விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருமுறை கீரை விதைத்தோம். இருமுறையும் ஆடுகள் புகுந்து தளிரோடு மேய்ந்துவிட்டன. வேலி போட்டாலன்றித் தோட்டம் நிலைக்காது என்று விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் சொன்னார்கள். சாமான் அறையில் கம்பிவலைச் சுருள் ஒன்று கிடந்தது. அளந்து பார்த்தபோது சரியாக 24 மீட்டர் இருந்தது. அதற்கு மேல் வலை வாங்கப் பணம் இல்லை. ஒரு பக்கம் சமையலறைச் சுவர் இருப்பதால் மற்ற மூன்று பக்கங்களுக்கு வலை கட்டினால் போதும். "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு வைத்தால் நிறைய இடம் கிடைக்கும்? கணக்குப் படிக்கிறவர்கள் சொல்லுங்கள்" என்று எங்களிடம் கேட்டார்கள்.

"எட்டு எட்டாக மூன்று பக்கம், சிஸ்டர்! சதுரம்தானே பெரியது?" என்று எங்களில் பலர் ஒரே குரலில் சொன்னோம். கணித ஆசிரியை சிஸ்டர் சிரித்துவிட்டு, "முதலில் கயிறு போட்டுப் பாருங்கள்" என்றார்கள்.

கூடைப்பந்து மைதானத்தின் பக்கக்கோட்டைச் சுவராக வைத்துக்கொண்டு, 24 மீட்டர் கயிற்றைக் குச்சிகளில் கட்டினோம். சுவரிலிருந்து வெளியே நீளும் பக்கத்தை 3 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு மீட்டராகக் கூட்டி, 8 மீட்டர் வரை ஆறு வேலிகள் அமைத்தோம். ஒவ்வொன்றையும் மாடியிலிருந்து ஒருத்தி புகைப்படம் எடுத்தாள்.

படங்களைப் பார்த்ததும் குழம்பிப்போனோம். மாடியிலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் தொலைவில் உள்ள பக்கம் குறுகித் தெரிந்தது, செவ்வகமெல்லாம் சரிவகமாகிவிட்டது. அளவுகோலை வைத்துப் படத்தை அளந்தால் கிடைக்கும் பரப்பு நிலத்தின் பரப்பு அல்ல. ஆகவே மறுநாள் தரையில் சுண்ணாம்புத் தூளால் மீட்டருக்கு ஒரு கோடாகக் கட்டங்கள் போட்டு, ஆறு படங்களையும் மீண்டும் எடுத்தோம். இப்போது அளக்க வேண்டியதே இல்லை. கயிற்றுக்குள் இருக்கும் கட்டங்களை எண்ணினால் போதும். படம் 1இல் 54 கட்டங்கள். அதன்பின் வரிசையாக 64, 70, 72, 70, 64. நாங்கள் அடித்துச் சொன்ன சதுரம் ஆறாவது படம். அதற்குக் கிடைத்தது 64 மட்டுமே. நான்காம் படமே வென்றது. அதில் வெளியே நீளும் பக்கம் 6 மீட்டர், சுவருக்கு எதிரே உள்ள பக்கம் 12 மீட்டர்.

ஆனால் ஆறு படங்களில் பெரியது என்பதால் எல்லாவற்றிலும் பெரியது என்று ஆகிவிடுமா? ஐந்தே முக்கால் மீட்டரை நாங்கள் படம் எடுக்கவில்லையே! இங்கேதான் வகைக்கெழு உதவுகிறது. வெளியே நீளும் பக்கத்தை x என்போம். அப்படிப்பட்ட பக்கங்கள் இரண்டு. மீதி வலை 24 − 2x, அது எதிர்ப்பக்கம். எனவே பரப்பு

A = x(24 − 2x) = 24x − 2x²

கீழ்வகுப்புத் தங்கைகளுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறோம். x என்பதைச் சிறிதளவு, h என்று வைப்போம், கூட்டிப் பாருங்கள். பரப்பில் ஏற்படும் மாற்றம் h(24 − 4x) − 2h² என்று வரும். இதில் 24 − 4x என்பதே வகைக்கெழு. x ஆறைவிடச் சிறியதாக இருந்தால் அது மிகை எண். அப்போது பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் பரப்பு கூடும். ஆறைவிடப் பெரியதாக இருந்தால் அது குறை எண். நீட்டினால் பரப்பு குறையும். சரியாக 6 என்னும்போது அது பூச்சியம். மிஞ்சுவது −2h² மட்டுமே. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நட்டம்தான். ஆகவே 72க்கு மேல் கிடைக்காது. 1630களில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா பெருமம் காணக் கையாண்ட வழியும் ஏறக்குறைய இதுவே. அப்போது நியூட்டன் பிறக்கவே இல்லை.

அந்த −2h² இன்னொன்றையும் சொல்கிறது. அளப்பதில் அரை மீட்டர் பிசகினால் நட்டம் அரைச் சதுர மீட்டர் மட்டுமே. பெருமத்திற்கு அருகில் வளைகோடு தட்டையாக இருப்பதே காரணம். படம் 3, 4, 5 ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து எது பெரியது என்று எங்களால் சொல்ல முடியாமற் போனதும் இதனால்தான்.

சதுரம்தான் பெரியது என்ற எங்கள் எண்ணமும் முழுப்பிழை அல்ல. சுவரைக் கண்ணாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டமும் அதன் பிம்பமும் சேர்ந்தால் 48 மீட்டர் சுற்றளவுள்ள முழுச் செவ்வகம். அதில் பெரியது 12க்கு 12 சதுரம். அதன் பாதி நம்முடையது: 12க்கு 6.

மகிழ்ச்சியோடு குச்சிகளை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனோம். அங்கே எங்கள் கணக்கு இடித்துக்கொண்டது. சுவரின் நீளம் 10 மீட்டர்தான்! அதற்கு அப்பால் வெறும் வெளி. மைதானக் கோட்டை முடிவில்லாச் சுவராக எடுத்துக்கொண்ட எங்களுக்கு, உண்மைச் சுவரை அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

மீண்டும் கரும்பலகைக்கு வந்தோம். இம்முறை எதிர்ப்பக்கத்தை y என்று கொண்டோம். y பத்து வரை பழைய கணக்கே: A = y(24 − y)/2, வகைக்கெழு 12 − y. ஆனால் y பத்தைத் தாண்டினால், சுவர் இல்லாத இடத்தில் பின்புறமும் வலை கட்ட வேண்டும். அதற்கு y − 10 மீட்டர் வலை போய்விடும். அப்போது வெளியே நீளும் பக்கம் 17 − y; பரப்பு A = y(17 − y); வகைக்கெழு 17 − 2y.

வழக்கம்போல இரண்டையும் பூச்சியமாக்கினோம். முதலாவது y = 12 என்றது; அந்தச் சூத்திரமோ பத்து வரைதான் செல்லும். இரண்டாவது y = 8.5 என்றது; அதுவோ பத்துக்கு மேல்தான் செல்லும். இரண்டு விடைகளும் தத்தம் எல்லைக்கு வெளியே நின்றன. விடையே இல்லையோ என்று திகைத்தோம். "பத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்" என்றார்கள் சிஸ்டர். பத்தை நெருங்கும்போது முதல் வகைக்கெழு +2. பரப்பு ஏறிக்கொண்டே வருகிறது. பத்தைக் கடந்ததும் இரண்டாவது வகைக்கெழு −3. உடனே இறங்கத் தொடங்குகிறது. ஓட்டுவீட்டுக் கூரையின் முகடு போல, தட்டையான இடமே இல்லாத உச்சி! அங்கே வகைக்கெழு பூச்சியமாவதே இல்லை. ஆயினும் பெருமம் அங்கேதான்: 10க்கு 7, பரப்பு 70. எங்கள் ஐந்தாம் படமே அது. பூச்சியமாக்கி விடை எழுதிப் பழகிய எங்களுக்கு, மூலையையும் எல்லையையும் தனியே பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் விளங்கியது.

முகட்டில் பிசகினால் நட்டமும் பெரிது. y பதினொன்று ஆனால் 66தான் கிடைக்கும். ஒரு மீட்டருக்கு நான்கு சதுர மீட்டர் போய்விடும்.

குழி தோண்ட வந்த தோட்டக்காரத் தாத்தா எங்கள் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் சரிதாம்மா, உள்ளே போக வழி எங்கே?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அவரே ஒரு மீட்டர் அகலத்தில் மூங்கில் தட்டி முடைந்து கதவாக வைத்தார். கதவுள்ள இடத்தில் வலை தேவையில்லை அல்லவா? மிஞ்சிய ஒரு மீட்டரை இரு பக்கங்களுக்கும் பாதி பாதியாகப் பகிர்ந்தோம். இப்போது தோட்டம் 10க்கு ஏழரை. 75 சதுர மீட்டர். கூடுதலாகக் கிடைத்த ஐந்தில் சிஸ்டர் வெண்டை போட்டிருக்கிறார்கள்.