தொடும் முன் தெரிய வேண்டிய 18 எம்பி

ஒரு மாணவி பேருந்தில் போகிறாள். கல்லூரி விண்ணப்பக் கையேட்டைப் பார்க்கக் கைபேசியில் கல்லூரியின் இணையதளத்தைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் எல்லை தாண்டியதும் சிக்னல் ஒற்றைக் கோடாகிவிட்டது. பக்கத்தில் நீல எழுத்தில் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று இருக்கிறது. விரலை வைக்கிறாள். திரை வெள்ளையாகிறது, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் போய் இன்னொரு முறை தொட்டாலும் அதே வட்டம்தான்.

அவள் தொட்டது 18 எம்பி பிடிஎஃப். கோப்பின் அளவைப் பைட்டிலும் இணைய வேகத்தைப் பிட்டிலும் சொல்வது வழக்கம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் 18 எம்பி இறங்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். இடையில் சிக்னல் அறுந்தால், பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் வீட்டு வைஃபை வரும்வரை அவள் பொறுத்திருப்பாள். அந்த இணையதளம் அவளிடம் எதையும் சொல்லவில்லை. பக்கத்தின் உள்ளே இருந்த வரி இதுதான்:

```html
<a href="/files/doc_final_v3.pdf">இங்கே கிளிக் செய்யவும்</a>
```

அதே இணைப்பை இப்படியும் எழுதியிருக்கலாம்:

```html
<a href="/files/doc_final_v3.pdf">விண்ணப்பக் கையேடு (PDF, 18 MB, 18 பக்கம்)</a>
```

கூடுதலாகச் செலவானது ஒரு வரிகூட இல்லை. ஆனால் இப்போது மூன்று விஷயங்கள் தொடும் முன்பே தெரிகின்றன. வரப்போவது இன்னொரு வலைப்பக்கம் அல்ல, பிடிஎஃப். அது எவ்வளவு கனம் என்பதும் தெரிகிறது, படிக்க எத்தனை பக்கம் என்பதும் தெரிகிறது. பிரிட்டன் அரசின் இணையதளம் தன் ஆவணங்களுக்குக் கீழே வகை, அளவு, பக்க எண்ணிக்கை மூன்றையும் இதே வரிசையில்தான் போடுகிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கென 2009-இல் வெளியான வழிகாட்டுதல்களும் இறக்கிக்கொள்ளும் கோப்புகளின் வகையையும் அளவையும் குறிப்பிடச் சொல்லின.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தத் தகவல் இணைப்புக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது நீல எழுத்தின் உள்ளே இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான். பார்வையற்றவர்கள் திரையை வேறு விதமாகக் கடக்கிறார்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் இன்செர்ட் விசையோடு எஃப்7-ஐ அழுத்தினால், பக்கத்திலுள்ள இணைப்புகள் மட்டும் பட்டியலாக வந்து நிற்கும். சுற்றியுள்ள வாக்கியங்கள் அதில் வராது. ஒரு பக்கத்தில் பன்னிரண்டு சுற்றறிக்கைகள் இருந்து எல்லாவற்றுக்கும் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று பெயர் வைத்திருந்தால், அந்தப் பட்டியல் ஒரே வாக்கியத்தைப் பன்னிரண்டு முறை வாசித்துக் காட்டும். எது எந்தச் சுற்றறிக்கை என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அளவும் பக்க எண்ணிக்கையும் சேர்ந்து நின்றால் இன்னொரு விஷயத்தையும் அவை காட்டிக்கொடுத்துவிடும். வேர்டில் தட்டச்சு செய்து நேராக பிடிஎஃப் ஆக்கிய 18 பக்கம், படங்கள் அதிகம் இல்லாவிட்டால், சில நூறு கேபியில் அடங்கிவிடும். அதே 18 பக்கம் 18 எம்பி என்றால், பெரும்பாலும் யாரோ அச்சடித்த தாள்களை ஸ்கேனரில் வைத்து எடுத்திருக்கிறார்கள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள் வரும். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே ஏறக்குறைய 26 எம்பி. சுருக்கிய பிறகும் பக்கத்துக்கு ஒரு எம்பி அளவில் நிற்பது சாதாரணம். அப்படிப்பட்ட கோப்பில் எழுத்தே கிடையாது, எழுத்தின் புகைப்படம்தான் இருக்கிறது. உள்ளே ஒரு சொல்லைத் தேட முடியாது, திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். விவரம் தெரிந்தவர் ‘18 MB, 18 பக்கம்’ என்பதைப் பார்த்ததும் இது ஸ்கேன் என்று ஊகித்துவிடுவார்.

இனி அந்தப் பக்கத்தை எழுதுபவரின் மனதில் அடுத்து எழும் கேள்வி. தொட்டதும் பிடிஎஃப் திரையில் விரிய வேண்டுமா, அல்லது நேராகக் கைபேசியில் இறங்கிவிட வேண்டுமா? குரோமைத் தொடர்ந்து 2013-இல் ஃபயர்ஃபாக்ஸும் பிடிஎஃப்பைத் தானே திறந்து காட்டத் தொடங்கிய பிறகு, கணினியில் விரிவதே இயல்பாகிவிட்டது. இறங்கத்தான் வேண்டும் என்று சொல்ல எச்டிஎம்எல்லில் ஒரு சொல் இருக்கிறது:

```html
<a href="/files/doc_final_v3.pdf"
   download="விண்ணப்பக்-கையேடு.pdf">…</a>
```

`download` என்று மட்டும் எழுதினால் கோப்பு இறங்கும். சமக்குறிக்குப் பின் ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயரில் இறங்கும். சர்வரில் `doc_final_v3.pdf` என்று கிடக்கும் கோப்பு, மாணவியின் ஃபோல்டரில் ‘விண்ணப்பக்-கையேடு’ ஆகிவிடுகிறது. பத்து நாள் கழித்து அவள் தேடும்போது கண்ணில் படும். இந்த வசதி குரோமில் 2011-இலேயே வந்தது, ஐபோனுக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வசதி இருக்கிறது என்பதற்காக எல்லா பிடிஎஃப்புக்கும் இதைப் போட்டுவிடுவது சரியல்ல. அச்செடுத்து நிரப்ப வேண்டிய படிவத்துக்கு இது பொருந்தும். ஒரு தேதியைச் சரிபார்க்க வந்தவருக்கு அந்த ஒரு பக்க அறிவிப்பு திரையில் விரிந்தாலே போதும். அதையும் வலிந்து இறக்கிவைத்தால், கைபேசியில் கோப்பு எங்கே போனது என்று தெரியாமல் மறுபடி மறுபடி தொட்டு, ஒரே அறிவிப்பின் நான்கு பிரதிகளைச் சேர்த்து வைத்திருப்பார். விரித்துப் பார்த்தவர் வேண்டுமென்றால் தானே சேமித்துக்கொள்வார். இறங்கித்தான் தீரும் என்று எழுதியவர் முடிவு செய்துவிட்டால், படிப்பவருக்கு அந்தத் தேர்வு கைக்கு எட்டாமல் போகிறது.

இந்தச் சொல் சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும் இடம் ஒன்றுண்டு. பக்கமும் கோப்பும் ஒரே முகவரியிலிருந்து வந்தால்தான் பிரவுசர் இதை மதிக்கும். கல்லூரியின் பக்கம் `https://www.example.org` என்றும் கோப்பு `https://example.org` என்றும் இருந்தால், மனிதர்களுக்கு இரண்டும் ஒரே இடம், பிரவுசருக்கு இரண்டு வெவ்வேறு வீடு. பெரிய கோப்புகளை வாடகைக்கு எடுத்த சேமிப்பகத்தில் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். சோதித்துப் பார்த்த கணினியில் இறங்கிய கோப்பு, தளம் வெளியானதும் திரையில் விரிகிறது. எந்தப் பிழைச்செய்தியும் முகத்துக்கு நேரே வராது. வைத்த பெயரும் காணாமல் போய் `doc_final_v3.pdf` திரும்ப வந்து நிற்கும். அதுதான் அடையாளம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் தன் வங்கித் தளத்தில் உள்நுழைந்த நிலையிலேயே ஒரு மோசடிப் பக்கத்துக்கும் வருகிறார். ‘உங்கள் பரிசுச் சீட்டை இறக்கி, கீழே மறுபடி ஏற்றுங்கள்’ என்று அங்கே ஓர் இணைப்பு. அது உண்மையில் சுட்டுவது வங்கியிலுள்ள அவருடைய சொந்தக் கணக்கு அறிக்கையை. கோப்பு ‘பரிசுச்சீட்டு.pdf’ என்ற பெயரில் இறங்குகிறது. மோசடிக்காரர் கொடுத்த கோப்பு என்று நம்பி, தன் கணக்கு விவரத்தைத் தானே அவரிடம் ஏற்றிக்கொடுக்கிறார். எச்டிஎம்எல் விதிமுறையிலேயே இத்தகைய ஏமாற்று பற்றிய எச்சரிக்கை உண்டு. பக்கமும் கோப்பும் வெவ்வேறு முகவரியில் இருந்தால் இந்தச் சொல்லைக் கண்டுகொள்வதில்லை என்று 2018-இல் குரோமும் கதவைச் சாத்தியது.

கோப்பு வேறிடத்தில்தான் இருக்கும், ஆனாலும் இறங்கியே ஆக வேண்டும் என்றால், கேட்க வேண்டிய இடம் கோப்பை அனுப்பும் சர்வர். அது கோப்போடு சேர்த்து ஒரு தலைப்பு வரியை அனுப்பலாம்:

```
Content-Disposition: attachment; filename="kaiyedu.pdf"
```

இந்த வரியில் பெயர் இருந்தால், பக்கத்தில் எழுதிய பெயரை ஒதுக்கிவிட்டு பிரவுசர் இதையே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் பெயரை மாற்றி மாற்றி எழுதியும் பழைய பெயரிலேயே இறங்குகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இங்கேதான்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. யூனிகோடில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சேமிக்கும்போது குறி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட் என்பதால், தமிழில் 85 குறிகளுக்குள் அடங்க வேண்டும். சுற்றறிக்கையின் முழுத் தலைப்பையும் பெயராக வைக்கும் அலுவலகப் பழக்கத்துக்கு இது சட்டென்று தீர்ந்துவிடும்.

எழுதிய அளவு உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். கோப்பை மாற்றுபவர் ஒருவர், பக்கத்தைத் திருத்துபவர் இன்னொருவர் என்றால், 18 எம்பி என்ற எழுத்து வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கோப்பை இறக்காமலே அளவைக் கேட்க வழி இருக்கிறது:

```
curl -I https://example.org/files/doc_final_v3.pdf
```

பதிலில் `Content-Length: 18874368` என்று வந்தால் அதுவே பைட் கணக்கு. விண்டோஸ் இதை 1024-ஆல் இரண்டு முறை வகுத்து 18 எம்பி என்று காட்டும். மேக் ஆயிரத்தால் வகுத்து 18.9 எம்பி என்று காட்டும். எதைப் போட்டாலும் மாணவிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 900 கேபியா 18 எம்பியா என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

அந்தக் கையேட்டின் மூலமான வேர்டு கோப்பு அலுவலகக் கணினியில் எங்காவது இருக்கும். அதை எடுத்து, ஸ்கேனர் பக்கம் போகாமல் நேராக பிடிஎஃப் ஆக்கி, பழைய கோப்பின் இடத்தில் வைத்துவிட்டால் 18 எம்பி சில நூறு கேபியாக இறங்கிவிடும். பேருந்திலேயே சில நொடிகளில் திறந்துகொள்ளும், திரைவாசிப்பானும் வாசிக்கும். அதைச் செய்த கையோடு அடைப்புக்குறிக்குள் இருக்கும் 18 MB-ஐயும் திருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு சிறுத்தது தெரியாமல் வைஃபை வரட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருப்பாள்.