இடம் மாறாத பொத்தான்கள்: கல்லாத் திரையைப் பூட்டுவது எப்படி?

ஜூரோங் ஈஸ்ட்டின் யூஹுவா போன்ற உணவங்காடி நிலையங்களில் காலை நேரத்தில் வரிசை நிற்கும்போது, பில் போடுபவரின் விரல் திரையைப் பார்க்காமலேயே பொத்தானைத் தேடிச் செல்லும். அதனால் கல்லாத் திரையில் இரண்டு பூட்டுகள் தேவை. பொத்தான்கள் இடம் மாறக்கூடாது. பில் திரையைவிட்டு யாரும் தவறுதலாக வெளியேறவும் கூடாது.

ஒரு பரோட்டாக் கடையை எடுத்துக்கொள்வோம். 10 அங்குலத் திரையின் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கைப் பில்லுக்கும் மொத்தத் தொகைக்கும் ஒதுக்கினால், மீதி இடத்தில் வரிசைக்கு 4 வீதம் 12 பொத்தான்கள் அமையும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 செ.மீ. அகலமும் இடையில் அரை செ.மீ. இடைவெளியும் இருக்கும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கூகல் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு சுமார் 9 மி.மீ.தான். ஆனால் எண்ணெய் பட்ட விரலுக்கு அது போதாது.

கோசோங் பரோட்டாவையும் முட்டைப் பரோட்டாவையும் அடுத்தடுத்து வைக்க வேண்டாம். விரல் வழுக்கினால் விலை மாறிவிடும். ‘அதிகம் விற்பவை முதலில்’ என்று தானாக வரிசைப்படுத்தும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். முட்டை தீர்ந்துவிட்டால் அந்தப் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கலாம், நீக்கக்கூடாது. நீக்கினால் மற்றவை நகர்ந்து, பழகிய விரல் தவறானதை அழுத்தும்.

அடுத்து, முழுத்திரைப் பூட்டு. இணையத்தில் இயங்கும் பில் மென்பொருள் என்றால், விண்டோஸ் கணினியில் குரோமின் குறுக்குவழியில் வலச்சொடுக்கி `Properties` திறந்து, `Target` பெட்டியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்க்கலாம்:

```
--kiosk --disable-pinch https://example.com
```

`example.com` உள்ள இடத்தில் கடையின் பில் முகவரி வரவேண்டும். இரண்டாம் சொல், இரு விரலால் திரை பெரிதாவதைத் தடுக்கிறது. விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி `shell:startup` என்று தட்டச்சிட்டால் ஒரு கோப்புறை திறக்கும். குறுக்குவழியை அதில் போட்டால், கணினிக்குள் நுழைந்ததும் பில் திரை தானே வரும்.

முழுத்திரை வராமல் சாதாரணப் பக்கமாகத் திறந்தால், குரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாச் சன்னல்களையும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும்.

இந்தப் பூட்டு அரைப்பூட்டுதான். விசைப்பலகை இருந்தால் `Alt+F4` அழுத்தி வெளியேறலாம். வலது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் விண்டோஸ் அறிவிப்புகள் வந்து நிற்கும். உறுதியான பூட்டு வேண்டுவோர் விண்டோஸ் 11 புரோவில் `Settings`, `Accounts`, `Other users` சென்று `Set up a kiosk` வழியாக, ஒரே செயலி மட்டும் இயங்கும் தனிக்கணக்கை அமைக்கலாம். ஹோம் பதிப்பில் இவ்வசதி இல்லை. அந்தத் தனிக்கணக்குக்கு எட்ஜ் உலாவியைத் தேர்ந்தெடுத்தால், அது தனிமறைவு முறையில் இயங்குவதால், மூடித் திறக்கும்போது பில் மென்பொருளில் மீண்டும் கடவுச்சொல் இட வேண்டிவரும்.

கடை திறக்குமுன் மூன்றைச் சோதித்தால் போதும்: ஓரத்திலிருந்து இழுப்பது, இரு விரலால் விரிப்பது, மின்சாரத்தை நிறுத்திப் போடுவது. மூன்றுக்குப் பிறகும் அதே 12 பொத்தான்கள் அதே இடத்தில் இருந்தால் திரை தயார்.