வென்றவர் ஏன் வருந்துகிறார்?

மாணவர்களே, போட்டியில் தோற்றவர் வருந்துவது இயல்பு. ஏலத்திலோ பல நேரங்களில் வென்றவர்தான் வருந்துகிறார். இது வெறும் கைராசிக் குறைவா, அல்லது இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறதா? அதைப் புரிந்து கொள்ள ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்வோம். எண்கள் எளிதாக இருக்கும்படி நானே அமைத்த காட்சி இது.

ஒரு பள்ளியின் உணவுச் சந்தை. ஒரு மேசையில் நாணயங்கள் நிறைந்த கண்ணாடிப் போத்தல் ஏலத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. போத்தலைத் திறக்கக் கூடாது, வெளியிலிருந்து பார்க்கலாம். ஒவ்வொருவரும் தாம் கொடுக்க விரும்பும் தொகையைத் தாளில் எழுதி, உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிகத் தொகை எழுதியவர் அந்தத் தொகையைச் செலுத்திப் போத்தலை எடுத்துக் கொள்ளலாம். ஒன்பது பேர் கலந்து கொண்டனர். நான்காம் படிவ மாணவன் கதிர் 107 ரிங்கிட் எழுதி வென்றான். போத்தலைத் திறந்து எண்ணினால் உள்ளே இருந்தது 80 ரிங்கிட். ஆண்டு முழுவதும் சேர்த்த பணத்தில் 27 ரிங்கிட் போய்விட்டது. அவனும் அவன் தோழி யாழினியும் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து பேசுவதைக் கேளுங்கள்.

கதிர்: எனக்குக் கணக்கே வராது போலிருக்கிறது, யாழினி. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

யாழினி: சிரிக்கட்டும். நீ எப்படி மதிப்பிட்டாய், அதை முதலில் சொல்.

கதிர்: அடி அடுக்கில் ஏறத்தாழ 36 நாணயங்கள் தெரிந்தன. பதின்மூன்று அடுக்குகள் இருக்கும் என்று கணித்தேன். ஆக 468 நாணயங்கள். ஓரத்தில் ஐம்பது சென் நிறையத் தெரிந்ததால் ஒரு நாணயத்துக்குச் சராசரி 25 சென் என்று வைத்தேன். மொத்தம் 117 ரிங்கிட். எனக்கு இலாபம் வேண்டுமே என்று பத்து ரிங்கிட் கழித்து 107 எழுதினேன்.

யாழினி: முறை சரிதான். உள்ளே இருந்தவை 400 நாணயங்கள், சராசரி 20 சென். எண்ணிக்கையிலும் கொஞ்சம் கூடிவிட்டது, சராசரியிலும் கொஞ்சம் கூடிவிட்டது. கண்ணாடி ஓரத்தில் தெரிவதை வைத்துத்தானே எல்லாரும் கணித்தோம்? நானும் அப்படித்தான் கணித்தேன். எனக்கு 83 வந்தது; பத்தைக் கழித்து 73 எழுதினேன்.

கதிர்: அப்படியென்றால் நீ கெட்டிக்காரி, நான் முட்டாள். அவ்வளவுதானே?

யாழினி: அவசரப்படாதே. மற்றவர்களையும் கேட்டு வந்திருக்கிறேன். எல்லாருமே தங்கள் மதிப்பில் பத்து ரிங்கிட்டைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பேரின் மதிப்பும் இதோ: 55, 60, 68, 72, 78, 83, 89, 98, 117. இவற்றின் சராசரி என்ன?

கதிர்: கூட்டினால் 720. ஒன்பதால் வகுத்தால்... சரியாக 80!

யாழினி: பார்த்தாயா? ஒன்பது பேரையும் சேர்த்துப் பார்த்தால் மதிப்பீட்டில் பிழையே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொருவரும் பத்து ரிங்கிட் வேறு கழித்திருக்கிறோம். அதனால் எழுதிய தொகைகளின் சராசரி 70 தான். இவ்வளவு கவனமாக இருந்தும் வென்றவருக்கு 27 ரிங்கிட் நட்டம். ஏன்?

கதிர்: போத்தல் சராசரித் தொகைக்குப் போகவில்லையே. மிக உயர்ந்த தொகைக்குத்தானே போகிறது.

யாழினி: அதேதான். ஒன்பது பேரில் மிக அதிகமாகத் தவறியவனை ஏலம் தானாகவே தேடிப் பிடித்துவிடுகிறது. நீ முட்டாள் என்பதால் நட்டப்படவில்லை. அன்றைக்கு உன் பிழை மேல்நோக்கிப் பெரிதாக இருந்தது, அதனாலேயே வென்றாய்.

மாணவர்களே, இங்கே சற்று நிறுத்தி ஒரு பகடையை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் விழும் எண் ஒருவரின் மதிப்பீடு என்று வைத்துக் கொள்வோம். 1 விழுந்தால் அவர் மிகக் குறைவாக மதிப்பிட்டார். 6 விழுந்தால் மிக அதிகமாக. பெரிய எண் போட்டவர் ஏலத்தில் வெல்கிறார். இருவர் மட்டும் போட்டால் மொத்தம் 36 வாய்ப்புகள். அவற்றுள் 11-இல் மட்டுமே குறைந்தது ஒரு 6 வரும். அதாவது, வென்றவர் 6 போட்டவராக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு. ஒன்பது பேர் போட்டால்? ஒருவருக்குமே 6 விழாமல் இருக்கும் வாய்ப்பு (5/6)⁹, அதாவது ஏறத்தாழ 0.19. ஆகவே வென்றவர் கையில் 6 இருக்கும் வாய்ப்பு 81 விழுக்காடு. பகடை மாறவில்லை, போடுபவரின் திறனும் மாறவில்லை. ஆட்கள் கூடியதால் மட்டுமே, வென்றவரின் மதிப்பீடு உண்மையைத் தாண்டி நிற்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

இதற்குப் பொருளியலில் 'வெற்றியாளரின் சாபம்' என்று பெயர். இதை முதலில் விளக்கிச் சொன்னவர்கள் எண்ணெய்த் துறைப் பொறியியலாளர்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் ஆகிய மூவரும் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை நிறுவனங்கள் ஏலத்தில் பெற்று வந்தன. ஆனால், அவை எதிர்பார்த்த இலாபம் கிடைக்கவில்லை. கடலடியில் இருக்கும் எண்ணெயும் மூடிய போத்தலில் இருக்கும் நாணயமும் ஒன்றுதான்: உண்மையான அளவு ஒன்றே, ஆனால் யாருக்கும் அது தெரியாது, ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு. 1969-இல் அலாஸ்காவின் வடக்குப் பகுதியில் நடந்த ஏலத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அங்கு வென்ற தொகைகளின் கூட்டு 900 மில்லியன் டாலர். அதே நிலப்பகுதிகளுக்கு இரண்டாவதாக வந்த தொகைகளின் கூட்டோ 370 மில்லியன் டாலர்தான்.

இனி நண்பர்களிடம் திரும்புவோம். யாழினி இந்தச் செய்தியைச் சொல்லி முடித்திருக்கிறாள்.

கதிர்: என் கதையும் அதேதான். நான் 107, இரண்டாவதாக வந்தவர் 88. நான் 89 எழுதியிருந்தாலே போதும், போத்தல் எனக்குத்தான்.

யாழினி: ஆமாம், அந்த இடைவெளி ஓர் அறிகுறி. இரண்டாவது ஆளைவிட வெகு தூரம் மேலே நின்றால், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரிந்ததா, அல்லது நீ மட்டும் தவறிவிட்டாயா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் உறை திறந்த பிறகு கேட்டு என்ன பயன்? எழுதும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

கதிர்: என்ன கேள்வி?

யாழினி: "இந்த ஒன்பது பேரில் என் மதிப்பீடுதான் மிக உயர்ந்தது என்று இப்போது யாராவது வந்து சொன்னால், இன்னமும் இதே மதிப்பை நம்புவேனா?" என்ற கேள்வி. நீ வெல்லப் போவது அந்த நிலையில் மட்டும்தானே? தோற்றால் உன் தொகைக்குப் பொருளே இல்லை. அதனால், வென்றுவிட்டோம் என்று வைத்துக் கொண்டுதான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

கதிர்: சரி, எட்டுப் பேரும் என்னைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்றால், நான் கூட்டித்தான் போட்டிருக்க வேண்டும். எவ்வளவு கூட்டி என்று எப்படித் தெரியும்?

யாழினி: அதுதான் கடினம். இதே போன்ற போத்தல்களை வீட்டில் பல முறை நிரப்பி, பலரை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தால் ஓரளவு தெரியும். அப்படிப் பார்த்ததில், ஒன்பது பேரில் உயர்ந்த மதிப்பு ஏறத்தாழ 35 ரிங்கிட் கூடுதலாக இருக்கிறது என்று கண்டாய் என வைத்துக்கொள். அப்போது 117-இல் 35-ஐக் கழி. இலாபத்துக்குப் பத்தைக் கழி. 72 எழுதியிருப்பாய்.

கதிர்: 72 எழுதினால் தோற்றிருப்பேனே! 88 எழுதியவர் வென்றிருப்பார்.

யாழினி: வென்றிருப்பார், எட்டு ரிங்கிட் நட்டமும் அவருக்குப் போயிருக்கும். உன் பணம் உன் சட்டைப்பையில் இருந்திருக்கும். எல்லாரும் உன்னைப் போலவே 35 கழித்திருந்தால் என்ன ஆகும் என்று பார். 98 என்று மதிப்பிட்டவர் 53 எழுதியிருப்பார். அப்போதும் போத்தல் உனக்குத்தான். 72 கொடுத்து 80 வாங்கியிருப்பாய்.

கதிர்: அட! ஆனால் ஆட்கள் கூடக் கூட, விட்டுவிடக் கூடாது என்று இன்னும் ஏற்றி எழுதத்தான் மனம் சொல்கிறது.

யாழினி: மனம் ஏற்று என்கிறது, பகடை இறக்கு என்கிறது. இத்தகைய போத்தலில் பகடை சொல்வதைக் கேட்பதுதான் நல்லது.

யாழினி "இத்தகைய போத்தலில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். எல்லா ஏலத்திலும் இந்தச் சாபம் இல்லை. பொருளின் மதிப்பு எல்லாருக்கும் ஒன்றாக இருந்து, அது எவ்வளவு என்று தெரியாமல் இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும். நீங்கள் விளையாடுவதற்காகப் பழைய பூப்பந்து மட்டை ஒன்றை ஏலத்தில் எடுக்கிறீர்கள். அது உங்களுக்கு 60 ரிங்கிட் பெறும், நண்பனுக்கு 40 தான் பெறும் என்றால், 45 கொடுத்து வெல்வதில் பிழை ஒன்றும் இல்லை. அங்கே உங்கள் விருப்பம்தான் மதிப்பு. அதே மட்டையை மறுபடி விற்கவே வாங்குகிறீர்கள் என்றால், அது நாணயப் போத்தலாக மாறிவிடுகிறது. எல்லார் முன்னிலையிலும் கூவிக் கேட்கும் ஏலத்தில் சாபம் சற்றுக் குறையலாம்; மற்றவர்கள் எந்தத் தொகையில் விலகுகிறார்கள் என்பதைப் பார்த்து உங்கள் மதிப்பைத் திருத்திக் கொள்ள முடியும். மூடிய உறையில் அந்த உதவி கிடைக்காது.

இந்தப் பிழை படித்தவர்களையும் விடுவதில்லை. பேசர்மன், சாமுவல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் பல்கலைக்கழக வணிக நிர்வாக மாணவர்களுக்கு நாணயம் போன்ற சிறு பொருள்கள் நிறைந்த போத்தல்களை ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றின் மதிப்பும் 8 டாலர். மாணவர்களின் மதிப்பீட்டுச் சராசரி 5.13 டாலர்தான். ஆயினும் வென்ற தொகைகளின் சராசரி 10.01 டாலராக இருந்தது. மொத்தத்தில் குறைத்து மதிப்பிட்ட கூட்டத்திலும் வென்றவர் இரண்டு டாலர் இழந்தார்.

ஏலக் கோட்பாட்டுக்காக 2020-இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்ற இருவருள் ஒருவர் ராபர்ட் வில்சன். விவரம் அறிந்த ஏலதாரர் தம்முடைய சிறந்த மதிப்பீட்டுக்கும் கீழேதான் தொகை எழுதுவார் என்பதைக் கணித முறையில் காட்டியவர் அவர். காரணம், இந்தச் சாபத்தின் அச்சம்தான்.

வகுப்பில் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு போத்தலில் நாணயங்களை எண்ணிப் போட்டு மூடுங்கள். நண்பர்கள் தனித்தனியே மதிப்பை எழுதட்டும்; ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பிறகு சராசரியையும் உயர்ந்த மதிப்பையும் உண்மையோடு ஒப்பிடுங்கள். முதலில் மூவரோடு, பிறகு இருபது பேரோடு. இரண்டு முறையும் உயர்ந்த மதிப்பு உண்மையைவிட எவ்வளவு மேலே போகிறது என்று குறித்து வையுங்கள். அடுத்த ஏலத்தில் நீங்கள் கழிக்க வேண்டிய தொகை அதுதான்.