சாவி அவரிடமும் இருக்கிறது

காலை நிகழ்ச்சிக்காக நான்கு மணிக்கே எழுந்துவிடுவதால், பிற்பகல் ஒரு மணி எனக்கு நடுநிசி மாதிரி. அப்படி ஒரு பிற்பகலில் திரையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தேன். வரவேற்பறையில் யாரோ இருமும் சத்தம். பிரிக்பீல்ட்ஸில் அந்த அடுக்குமாடி வீட்டில் நான் தனியாக இருப்பவள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரர்! சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைக்குப் போயிருப்பேன்னு நினைச்சேம்மா” என்றார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் பிடித்து வந்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. போன தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுத்தவர்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பும் இரண்டு முறை நான் இல்லாதபோது வந்து போயிருக்கிறார். நான் எதுவும் சொல்லாததால், எனக்குச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டதில் தப்பில்லை.

பூட்டை மாற்று என்றாள் தோழி. வாடகையைப் பிடித்து வை என்றார் சக அறிவிப்பாளர். இரண்டுமே வம்பு. வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவள் நானாகிவிடுவேன். அனுமதி இல்லாமல் வீட்டில் எதையும் மாற்றக்கூடாது என்ற விதியும் என் ஒப்பந்தத்தில் இருந்தது.

அந்த ஒப்பந்தத்தை அன்றுதான் முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போட்ட நாளில் வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் மட்டுமே பார்த்திருந்தேன். உள்ளே, வாடகையை ஒழுங்காகக் கட்டும்வரை குடியிருப்பவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்று ஒரு விதி. வீட்டின் நிலையைப் பார்க்க உரிமையாளர் நியாயமான முன்னறிவிப்புடன், பகல் வேளையில் வரலாம் என்று இன்னொன்று. வீடு அவருடையதுதான். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதில் வாழும் உரிமை என்னுடையது.

சிக்கல் ‘நியாயமான’ என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் நியாயம்? மலேசியாவில் வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப்போவதாகப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதுவரை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் நாம் கையெழுத்திட்ட தாளும்தான் பெரும்பாலும் துணை. இந்தியாவில் 2021இல் வந்த மாதிரி வாடகைச் சட்டம் 24 மணி நேர முன்னறிவிப்பு என்கிறது. சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் நுழையக்கூடாது என்கிறது. அந்த 24 மணி நேரத்தை நான் கடன் வாங்கிக்கொண்டேன்.

ஓர் எச்சரிக்கை. உரிமையாளரும் அதே வீட்டில் இருக்க, நீங்கள் ஓர் அறையை மட்டும் எடுத்திருந்தால் நிலைமை வேறு. அங்கே உங்கள் உரிமை இந்த அளவுக்கு இருக்காது. பேசி எழுதிக்கொள்வதுதான் வழி.

போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்று பயந்து புலனத்தில் எழுதினேன். மூன்று முறை அழித்துவிட்டு அனுப்பியது இது:

“வணக்கம் அங்கிள். குழாயைப் பார்த்துக் கொடுத்ததுக்கு நன்றி. அன்னிக்கு நான் தூங்கிட்டு இருந்ததால ரொம்பப் பயந்துட்டேன். இனிமே வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி, எதுக்கு, எத்தனை மணிக்குன்னு சொல்லிட்டு வாங்க. காலை 11க்கும் 1க்கும் இடையில, நான் இருக்கும்போது வந்தா நல்லது. தண்ணீர்க் குழாய் வெடிச்சா, தீப்பிடிச்சா, கேஸ் கசிஞ்சா எப்ப வேணும்னாலும் வாங்க. ஒரு போன் மட்டும் போடுங்க. ஒப்பந்தத்திலயும் முன்னாடியே சொல்லணும்னு இருக்கு அங்கிள்.”

விதியைக் கடைசி வரியில் வைத்தேன். முதல் வரியில் வைத்திருந்தால் அவர் மீதியைப் படித்திருக்க மாட்டார்.

இரண்டு நீல டிக். பதிலில்லை. மறுநாள் மாலை அவரே அழைத்தார். “என் வீட்டுக்கு வர நான் உங்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?” என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. முன்பு குடியிருந்தவர் கசிவை மறைத்து, கீழ்வீட்டுக் கூரை ஊறி, செலவு இவர் தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் பயத்தில்தான் அடிக்கடி வருகிறார்.

“நான் மெசேஜ் போட்டு நீ பதில் போடலன்னா?” என்று கேட்டார். நான் யோசிக்காத கேள்வி. அன்று இரவுக்குள் பதில் சொல்வேன், முடியாவிட்டால் வேறு நாள் நானே கொடுப்பேன் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது, கசிவு தெரிந்தால் அன்றே படம் எடுத்து நான் அனுப்புவது என்றும் பேசி முடிவானது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டோம். ஒப்பந்தத்தோடு சேர்த்து அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

போன வாரம் செய்தி வந்தது: “சனிக்கிழமை 11.30, வாட்டர் ஹீட்டர் பாக்க. ஓகேவாம்மா?” சனிக்கிழமை 11.25க்கே அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். சாவி அவர் கையில்தான் இருந்தது. வெளியே நின்றபடி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.