பத்திக்குப் பத்தி நேராக

ஒரு தமிழ்க் கதையையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க விரித்தாளே போதும். A நெடுவரிசையில் தமிழ், B-யில் ஆங்கிலம், வரிசைக்கு ஒரு பத்தி.

ஒட்டும்போது ஒவ்வொரு வரிமுறிவும் புது வரிசையாகிவிடும். பிடிஎஃபிலிருந்து எடுத்த உரையில் அச்சு வரி ஒவ்வொன்றின் முடிவிலும் முறிவு இருக்கும். அதனால் முதலில் வேர்டில் பத்திகளுக்கு நடுவிலுள்ள `^p^p`-ஐ `@@` என்றும், மீதமுள்ள `^p`-ஐ ஓர் இடைவெளியாகவும், பிறகு `@@`-ஐ `^p` என்றும் மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

தமிழில் 40 பத்தி, ஆங்கிலத்தில் 42 என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர் எங்கோ நீண்ட பத்தியைப் பிரித்திருக்கிறார். மேலிருந்து தேட வேண்டாம். 20ஆம் வரிசைக்குப் போய் ஆட்பெயர், எண், உரையாடல் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பொருந்தினால் பிழை பெரும்பாலும் கீழே; இல்லையென்றால் மேலே. இப்படியே பாதி பாதியாகக் குறுக்கினால் இடம் சிக்கும். அங்கே பிரிந்த ஆங்கிலப் பத்திகளை ஒரே கட்டத்தில் சேர்த்து, காலியான கட்டத்தை மட்டும் நீக்கி, கீழுள்ளவற்றை மேலே நகர்த்துங்கள். முழு வரிசையை நீக்கினால் தமிழ்ப் பத்தியும் போய்விடும்.

எண்ணிக்கை சமமானாலும் நம்பிவிடக் கூடாது. ஓரிடத்தில் பிரித்து, வேறிடத்தில் சேர்த்திருந்தாலும் கணக்கு சரியாகவே வரும்.