தூர் நெருங்கிய தொட்டி

சென்னையில் ஒரு மொட்டைமாடி. 12 அங்குலத் தொட்டியில் எலுமிச்சைப்புல் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் விரல் பருமனில் இருந்த தண்டுகள் இப்போது பென்சில் அளவுக்கு இளைத்துவிட்டன. ஊற்றும் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடுகிறது. தூரின் நடுவில் காய்ந்த சோகைதான் மிச்சம். உரம் போட்டும் பலனில்லை. தொட்டி முழுக்க வேர்தான் நிறைந்திருக்கிறது.

தூரைப் பிரிக்க ஆடி மாதம் ஏற்றது. கத்திரி வெயிலில் தொட்டால் பிரித்த துண்டுகள் வாடிவிடும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, தொட்டியைச் சாய்த்துத் தட்டினால் வேர்க்கட்டி தொட்டியின் வடிவத்திலேயே வெளியே வரும். கையால் பிய்க்க வராது. பழைய அரிவாளால் நான்காகப் பிளக்க வேண்டியிருக்கும். நடுப்பகுதியைக் கழித்துவிட்டு, ஓரத்துத் தூர்களை இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த துண்டுகளாக எடுப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர் கொஞ்சமாவது இருக்க வேண்டும். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அறுந்த வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது.

நடும்போது பலர் தவறுவது ஆழத்தில். வேர் கிளம்பும் இடம் மண்ணுக்குள் மறைந்தால் போதும். அதைவிட ஆழமாகப் புதைத்தால் மழையில் அடித்தண்டு அழுகும். 12 அங்குலத் தொட்டிக்கு மூன்று துண்டுகள், ஒரு வாரம் நிழல். நடுக்குருத்து நீண்டால் பிழைத்துவிட்டது. லேசாக இழுத்ததும் நாற்றத்தோடு கையோடு வந்தால் அது போய்விட்டது.

அறுப்பதற்கு மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும். தேநீருக்கு இலை மட்டும் வேண்டுமென்றால் மண்ணிலிருந்து அரை அடி விட்டு அறுக்கலாம். குருத்து கிளம்பும் முனை அடித்தண்டுக்குள் தாழ்வாக இருக்கிறது, மறுபடி துளிர்க்கத் தேவையான சேமிப்பும் அங்கேதான். மண்ணோடு ஒட்ட அறுத்தால் இரண்டுமே போகும். சூப்புக்குத் தண்டு வேண்டுமென்றால் இலையை அறுக்காமல், ஓரத்தில் தடித்த ஒன்றைப் பிடித்து வெளிப்பக்கமாக வளைத்துத் திருகினால் அடியோடு வந்துவிடும். 20 தண்டுள்ள தூரில் ஒரு தடவைக்கு ஐந்தாறு போதும். இலையை மொத்தமாக அறுத்தால் அடுத்த அறுப்புக்கு இரண்டு மாதமாவது இடைவெளி வேண்டும்.

உரத்தை அறுத்த பிறகு கொடுப்பதே சரி. இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிடலாம். புதுக்குருத்து விரல் நீளம் வந்ததும், ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் பச்சை பிடித்துக்கொள்ளும். இலைநுனி கருகுவதைப் பார்த்து உடனே உரம் கூட்டுகிறவர்கள் தொட்டி விளிம்பையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. அங்கே வெள்ளையாகப் படிந்திருந்தால் அது போர்த் தண்ணீரின் உப்பு. மழைத்தண்ணீரை அடித்துளை வழியே ஓடும்வரை இரண்டு முறை ஊற்றினால், அடுத்து வரும் இலைகள் கருகாமல் நீளும்.